பாட்டு யார் பெயரில்? பேண்டுகளைப் பிரிக்கும் கிரெடிட் வரி

ஆர்கன்_அடுக்கு | 3 ஜூன் 2024, இரவு 9.40

நாலு பேர் பேண்ட். பாடகர் வீட்டில் கிதாரோடு உட்கார்ந்து வரியும் மெட்டும் போட்டுக்கொண்டு வருவார். ஒத்திகையில் நான் கீபோர்டில் ஒரு எட்டு பார் முன்னிசை வாசித்தேன். இப்போது பாட்டு அதில்தான் தொடங்குகிறது, நடுவில் இரண்டு தடவை திரும்ப வருகிறது. பாட்டை ஏற்றும் தளத்தின் படிவத்தில் "இசை", "வரிகள்" என்று இரண்டு கட்டம். பாடகர் இரண்டிலும் தன் பெயரைப் போட்டுவிட்டார். டிரம்மர் நாலு பேர் பெயரும் வர வேண்டும் என்கிறார். பேஸ் வாசிப்பவர் வாயே திறக்கவில்லை.

இந்த ஒரு வரியால் பெரிய பெரிய ராக் பேண்டுகள் உடைந்ததாகப் படிக்கிறேன். அதெல்லாம் பணம் கொட்டிய பிறகு வந்த சண்டைதானே? மாதம் நூறு ரூபாய்கூட வராத எங்களுக்கு இப்போதே எதற்கு? சட்டப்படி "எழுதியவர்" யார்?

---

பழைய_எல்பி | 3 ஜூன் 2024, இரவு 10.05

பணம் வந்த பிறகுதான் சண்டை, ஆனால் சண்டைக்கான ஆதாரம் பணம் வருவதற்கு முன்னால் உள்ளது. தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து பேண்டின் கதையைப் பாருங்கள். பாடகர் மொரிசியும் கிதாரிஸ்ட் ஜானி மாரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் ஆண்டி ரூர்க்குக்கும் பத்துப் பத்து கொடுத்தார்கள். ஜாய்ஸ் வழக்குப் போட்டு 1996இல் பாட்டுகளில் 25 சதவீதம் வாங்கினார். டிரம்மருக்கும் பாட்டில் சம பங்கு உண்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. உங்கள் டிரம்மர் சொல்வது சரி.

---

நாலாம்_தந்தி | 3 ஜூன் 2024, இரவு 11.20

எல்பி, 40-40-10-10 சரி, 25 சரி. எதில் 25 என்பதுதான் இடிக்கிறது. ஜாய்ஸ் ஜெயித்தது ரெக்கார்டிங் வருமானத்திலும் கச்சேரி வருமானத்திலும். பாட்டு எழுதியதற்கான பணம் அந்த வழக்கிலேயே இல்லை. பாட்டுகள் மொரிசி, மார் பெயரில்தான் இருந்தன, ஜாய்ஸ் அதைக் கேட்கவும் இல்லை.

ஆர்கன், முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு டிராக்கில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: வரியும் மெட்டும். நாளைக்கு வேறொருவர் வேறு குரலில் பாடினாலும் அது உங்கள் பாட்டுதான். இன்னொன்று ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர்: அன்றைக்கு ஸ்டூடியோவில் நீங்கள் நாலு பேரும் வாசித்தது. ரேடியோ, மேடை, கவர், விளம்பரம் என்று எங்கே பாட்டு ஒலித்தாலும் எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் போவது பப்ளிஷிங் பணம். மாஸ்டர் பணம் லேபிள் வழியாக பேண்டுக்கு வரும்.

ஸ்மித்ஸ் வழக்கு இரண்டாவது சொத்தைப் பற்றியது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் சேர்ந்து தொழில் செய்தால் இங்கிலாந்தின் 1890 பங்குதாரர் சட்டம் லாபத்தைச் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது. பத்து சதவீதத்துக்குத் தெரிந்தே ஒப்புக்கொண்டார் என்று மொரிசி தரப்பால் நிரூபிக்க முடியவில்லை, அதனால் நாலில் ஒரு பங்கு. ஆண்டி ரூர்க் அதற்கு முன்பே ஒரு தொகையும் பத்து சதவீதமும் வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டார், அவருக்கு அந்த 25 கிடைக்கவில்லை.

பாட்டு என்ற சொத்துக்கு அப்படி "பேசாவிட்டால் சமம்" என்ற சலுகை கிடையாது. எழுதியவர் யாரோ அவருக்கே. பேண்டில் இருப்பதாலேயே எழுத்தாளர் ஆகிவிட முடியாது.

---

மெட்டுக்காரன் | 4 ஜூன் 2024, காலை 7.15

இதெல்லாம் நம்ம ஊரில் 2017இலேயே பேசி முடித்ததுதானே? இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினாரே, அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று. பாடியவருக்கு எவ்வளவு, இசையமைத்தவருக்கு எவ்வளவு என்று அப்போதே அடித்துக்கொண்டோம்.

---

நாலாம்_தந்தி | 4 ஜூன் 2024, காலை 8.02

அது அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்ற சண்டை. அங்கே இசையமைத்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆர்கன் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: இசையமைத்தது யார் என்பதே தெரியாத இடம். பேண்டுக்கு மட்டும் வரும் நோய் இது, ஏனென்றால் நாலு பேர் ஒரே அறையில் நின்று ஒரே நேரத்தில் உருவாக்குகிறார்கள்.

இதற்கு இரண்டு ஆங்கில வழக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் பேண்ட்காரர்கள் தோற்றார்கள், இன்னொன்றில் ஒருவர் ஜெயித்தார். இரவில் எழுதுகிறேன்.

---

ரிம்ஷாட் | 4 ஜூன் 2024, மதியம் 1.30

டிரம்மர் சார்பாக ஒரு ஆள் பேசியாக வேண்டும். மெட்டு, கோர்டு, வரி மூன்றும்தான் பாட்டு என்று முடிவு பண்ணினது யார்? பியானோவில் உட்கார்ந்து எழுதும் காலத்துச் சட்டம் அது. ராக்கில் பாதிப் பாட்டு டிரம் குரூவில்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், பஜனை மாதிரி இருக்கும்.

---

நாலாம்_தந்தி | 4 ஜூன் 2024, இரவு 10.48

முதல் வழக்கு: ஸ்பாண்டோ பாலே. லண்டன் பேண்ட், 1983இல் "ட்ரூ" இங்கிலாந்தில் முதலிடம். எழுதியது எல்லாம் கிதாரிஸ்ட் கேரி கெம்ப், கிரெடிட் அவர் ஒருவருக்கே. பப்ளிஷிங் பணத்தில் ஒரு பகுதியை அவர் பேண்டின் கம்பெனிக்குள் விட்டுவந்தார், மற்றவர்களுக்கும் அதில் பங்கு வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் நிறுத்திவிட்டார். பேண்ட் கலைந்தது. பிறகு பாடகர் டோனி ஹாட்லி, சாக்ஸஃபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன், டிரம்மர் ஜான் கீபிள் மூவரும் வழக்குப் போட்டார்கள். கேரியின் தம்பி மார்ட்டின் கெம்ப்தான் பேஸ். அவர் வழக்கில் சேரவில்லை.

அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, பணம் பகிர்வதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது. இரண்டு, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நாங்களும் கூட்டு ஆசிரியர்கள். 1999 ஏப்ரலில் நீதிபதி பார்க் இரண்டையும் தள்ளிவிட்டார்.

ஏன் தள்ளினார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒப்பந்தம் பற்றி: பல வருடம் பணம் வந்தது உண்மை, ஆனால் எப்போதும் தருவேன் என்று கெம்ப் கட்டுப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. விரும்பித் தந்ததை விரும்பினால் நிறுத்தலாம். ஆசிரியர் உரிமை பற்றி: கெம்ப் ஒத்திகைக்கு வரும்போதே வரி, மெட்டு, கோர்டு எல்லாவற்றோடும் வந்தார், கிதாரில் வாசித்துப் பாடிக் காட்டினார். மற்றவர்கள் வாத்தியத்தில் செய்தது அந்தப் பாட்டை வாசித்தது, பாட்டை எழுதியது அல்ல. "ட்ரூ" நடுவில் வரும் சாக்ஸஃபோன் சோலோவையும் அதே கணக்கில்தான் சேர்த்தார்கள்.

வாதத்தில் ஒரு நல்ல புள்ளி இருந்தது. டேப்பில் பதியும்போதுதான் பதிப்புரிமை பிறக்கிறது, பதிந்தது ஐந்து பேர், அப்படியானால் ஐந்து பேரும் ஆசிரியர்கள்தானே என்றார்கள். நீதிபதி ஒப்பவில்லை. பதிவது வேறு, உருவாக்குவது வேறு. பதியும் முன்பே பாட்டு கெம்ப் மனதில் முழுசாக இருந்தது என்றார்.

இன்னொன்று நாளை.

---

ரிம்ஷாட் | 4 ஜூன் 2024, இரவு 11.10

அதாவது வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவன் ஆசிரியர், அறையில் வியர்வை சிந்துகிறவன் கூலி.

---

லண்டன்_குயில் | 5 ஜூன் 2024, அதிகாலை 3.25

ரிம்ஷாட் தம்பி, கோவிக்காதையுங்கோ, அதில ஒரு உண்மை இருக்கு. வழக்கில தோத்தவைக்குச் செலவும் தலையில விழுந்தது. ஆனா 2009இல அதே ஐந்து பேரும் திரும்ப ஒண்டாய் மேடை ஏறினவை. காசுச் சண்டை எல்லாம் ஆயுளுக்கும் நிக்கிறேல்லை.

எனக்கு விளங்கின அளவில, ஆர்கனுக்கு வேண்டிய வழக்கு மற்றது. நாலாம்_தந்தி எழுதட்டும்.

---

நாலாம்_தந்தி | 5 ஜூன் 2024, இரவு 9.15

புரோகல் ஹாரம், "எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்", 1967. வரிகள் கீத் ரீட், இசை கேரி புரூக்கர். மாத்யூ ஃபிஷர் ஹேமண்ட் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தபோது பாட்டு ஏற்கெனவே இருந்தது. 1967 மார்ச்சில் பப்ளிஷருக்கு எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஒத்திகையில் ஃபிஷர் அந்த ஆர்கன் மெட்டை உருவாக்கினார். உலகத்துக்குத் தெரிந்த தொடக்கம் அதுதான். எட்டு பார். பிறகு பாட்டு முழுக்க அது திரும்பத் திரும்ப வருகிறது.

ஆர்கன், உங்கள் எட்டு பாரை எண்ணிப் பாருங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஃபிஷர் 1969இல் விலகினார். கிரெடிட் கேட்டு வழக்குப் போட்டது 2005இல். 2006 டிசம்பரில் நீதிபதி பிளாக்பர்ன் இசையின் உரிமையில் 40 சதவீதம் கொடுத்தார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் "ஆசிரியர்தான், ஆனால் 38 வருடம் சும்மா இருந்ததால் பணம் இல்லை" என்று அந்தப் பங்கைப் பறித்தது. 2009 ஜூலை 30இல் பிரபுக்கள் சபை, அப்போது அதுதான் உச்ச நீதிமன்றம், மறுபடி 40ஐக் கொடுத்தது. இவ்வளவு காலம் தாழ்த்தினாலும் உரிமை கேட்க அங்கே காலக்கெடு இல்லை என்றார்கள்.

நீதிபதி கையாண்ட நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஆர்கன் இல்லாத டெமோவில் இருந்த பாட்டு ஒன்று. பேண்டாக சேர்ந்து ஸ்டூடியோவில் பதிந்த வடிவம் இன்னொன்று, தனிப் படைப்பு. முதலாவதில் ஃபிஷருக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதில்தான் 40. பப்ளிஷருக்கு மார்ச்சில் எழுதிக் கொடுத்தது முதலாவதை மட்டுமே, அதனால் ஃபிஷரின் பங்கு அவரிடமே இருந்தது.

கெம்ப் வழக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே சோலோ பாட்டின் மேல் ஒரு முறை வந்து போகிறது, கீழே இருந்த பாட்டு மாறவில்லை. இங்கே தனியாக முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டு, திரும்பத் திரும்ப வருகிறது, வேறொருவர் இந்தப் பாட்டைக் கவர் செய்தால் அதையும் சேர்த்துத்தான் வாசிப்பார். கோர்ட் கண்ணுக்கு அது "எழுதியது".

---

பழைய_எல்பி | 5 ஜூன் 2024, இரவு 9.50

அந்தக் கோர்டு வரிசை பாக் சாயலில் இருப்பதாக எல்லாரும் சொல்வார்களே. சொந்தமே இல்லாத மெட்டுக்கு எப்படி 40?

---

நாலாம்_தந்தி | 5 ஜூன் 2024, இரவு 10.20

இறங்கும் பேஸ், கோர்டு வரிசை எல்லாம் புரூக்கர் கொண்டுவந்தது, அதில்தான் பாக் சாயல் முதலில் வருகிறது. ஃபிஷர் அதன் மேல் கட்டியது தனி மெட்டு. பழைய பாணியில் இருப்பதால் சொந்தம் இல்லை என்று ஆகாது, வரிசையாக நோட்டைப் போட்டது அவர் உழைப்பு. அது வழக்கிலும் வாதிடப்பட்டது, எடுபடவில்லை. புரூக்கர் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது வேறு விஷயம். அவருக்கு அது ஆபத்தான முன்னுதாரணம். இனிமேல் ஸ்டூடியோவில் வாசிக்க வரும் ஒவ்வொருவரும் பங்கு கேட்பார்கள் என்ற பயம்.

---

ஆர்கன்_அடுக்கு | 6 ஜூன் 2024, இரவு 8.30

40 என்றால் எவ்வளவு பணம்? ஒரு லட்சம் வந்தால் ஃபிஷருக்கு நாற்பதாயிரமா?

---

நாலாம்_தந்தி | 6 ஜூன் 2024, இரவு 9.05

இல்லை. 40 இசையின் உரிமையில் மட்டும், வரிகளில் இல்லை. வழக்கப்படி இசைக்குப் பாதி, வரிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாளர் பங்காக ஒரு லட்சம் வந்தால் ரீட்டுக்கு 50,000. மிச்சம் 50,000இல் புரூக்கருக்கு 30,000, ஃபிஷருக்கு 20,000. அதற்கு முன் பப்ளிஷர் தன் பங்கை எடுத்திருப்பார், அது தனி.

பழைய வருடங்களுக்கான பணம் ஃபிஷருக்கு வரவில்லை. 2005 மே கடைசியில் உரிமை கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முந்தைய 38 வருடம் அவர் பேசாமல் இருந்தது, மற்றவர்கள் பாட்டைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது போல என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டு அதிகம் சம்பாதித்த காலம் அதில் போய்விட்டது.

உங்கள் "இப்போதே எதற்கு?" என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. 2005இல் கேட்டவருக்குக் கிடைத்தது வழக்கும் எதிரிகளும். பாட்டு பதிந்த வாரத்தில் கேட்டிருந்தால் ஒரு தாளும் கையெழுத்தும் போதும்.

---

ரிம்ஷாட் | 6 ஜூன் 2024, இரவு 9.40

சரி, நான் தோற்றுவிட்டேனா? என் குரூவை யாராவது முணுமுணுப்பார்களா? மாட்டார்கள். அதனால் எனக்கு எப்போதும் பூஜ்யம்.

---

நாலாம்_தந்தி | 6 ஜூன் 2024, இரவு 10.15

கோர்ட்டில் உங்கள் பக்கம் பலவீனம், உண்மை. டிரம் பாகத்துக்கு ஆசிரியர் உரிமை கிடைக்கவே கிடைக்காது என்று சட்டம் எழுதிவைக்கவில்லை, ஆனால் கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அது மலை ஏறுவது. அதற்காகத்தான் பேண்டுகள் கோர்ட்டை எதிர்பார்க்காமல் தாங்களே பிரித்துக்கொள்கின்றன. ஆர்.இ.எம். நாலு பேர் பெயரையும் எல்லாப் பாட்டிலும் போட்டார்கள். குவீன் 1989 ஆல்பத்திலிருந்து பாட்டுகளைப் பேண்ட் பெயரில் போட்டார்கள்.

---

பழைய_எல்பி | 6 ஜூன் 2024, இரவு 11.00

குவீன் கதையை என்னிடம் விடுங்கள், நான் சொல்கிறேன். 1975இல் "போஹிமியன் ராப்சடி" சிங்கிளின் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லரின் "ஐ'ம் இன் லவ் வித் மை கார்". வட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு ராயல்டி. முன்பக்கப் பாட்டை எழுதிய பாடகர் மெர்க்குரி அளவுக்கு டெய்லரும் சம்பாதித்தார், அவர் பாட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை என்றாலும். பல வருடம் அந்தக் கோபம் இருந்தது என்பதைக் குவீன் ஆட்களே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். டோர்ஸ் முதல் மூன்று ஆல்பத்திலும் எல்லாம் பேண்ட் பெயரில். 1969 ஆல்பத்திலிருந்து தனித்தனிப் பெயர். கிதாரிஸ்ட் ராபி கிரீகர் எழுதிய ஒரு வரி தன் பெயரில் வருவதைப் பாடகர் ஜிம் மாரிசன் விரும்பவில்லை. அங்கே காசு பிரச்சனையே இல்லை, பெயர்தான் பிரச்சனை.

---

லண்டன்_குயில் | 7 ஜூன் 2024, அதிகாலை 2.10

அந்தக் குவீன் கதையில இப்பத்தைய பிள்ளைகளுக்கு ஒரு பாடம் மாறிப்போச்சு, அதைச் சொல்லாமல் விடேலாது.

வட்டு காலத்தில ஆல்பம் ஒண்டு வித்தால் அதிலயிருக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே காசு. அமெரிக்காவில 2006இலயிருந்து 2022 வரைக்கும் ஒரு பிரதிக்கு ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிசத்துக்குள்ள இருந்தால். பத்துப் பாட்டு ஆல்பம் ஒரு லட்சம் வித்தால், ஒரு பாட்டுக்கு 9,100 டொலர். ஒன்பது பாட்டு எழுதினவருக்கு 81,900. ஒண்டு மட்டும் எழுதினவருக்கு 9,100. மற்ற ரெண்டு பேருக்கும் சுழியம். அதனாலதான் ஆல்பத்தில தன்ர பாட்டைத் திணிக்க அடிபட்டவை.

ஸ்ட்ரீமிங்கில அது இல்லை. எத்தனை தரம் ஓடிச்சோ அந்தப் பாட்டுக்குத்தான் காசு. பத்துப் பாட்டில ஒண்டு ஓடும், ஒன்பது கிடக்கும். ஓடினதை எழுதினவருக்கு எல்லாம், பக்கத்தில நிண்டவருக்கு ஒண்டும் இல்லை. எந்தப் பாட்டு ஓடும் எண்டு முதலே ஆருக்கும் தெரியாது. இதுக்காகத்தான் எனக்குச் சமமாய்ப் பிரிக்கிறது பிடிக்கும், முக்கியமா முதல் ஆல்பத்தில.

---

நாலாம்_தந்தி | 7 ஜூன் 2024, காலை 8.40

லண்டன் அக்கா, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பெயரையும் கிரெடிட்டில் போட்டால் பணம் மட்டும் பிரிவதில்லை, சொத்தே பிரிகிறது. நாளைக்கு ஒரு விளம்பரக் கம்பெனி பாட்டைக் கேட்டால், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கூட்டு உரிமையாளர்கள் எல்லாரும் ஒப்பினால்தான் உரிமம் தர முடியும். அமெரிக்காவில் தனியுரிமை இல்லாத உரிமம் என்றால் ஒருவரே கொடுக்கலாம், வந்த பணத்தை மட்டும் மற்றவர்களோடு பங்கிட வேண்டும். பேண்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆன பேஸ்காரர் போனை எடுக்காவிட்டால் விளம்பரமும் போச்சு. அதுவும் காலம் முழுக்க. இந்தியாவில் கடைசியாக இறக்கும் கூட்டு ஆசிரியருக்குப் பின்னும் 60 வருடம்.

அதனால் எனக்குப் பிடித்த வழி வேறு. கிரெடிட் உண்மையாக இருக்கட்டும், எழுதியவர் பெயர் மட்டும். பணத்தைத் தனி ஒப்பந்தத்தில் பிரியுங்கள். கேரி கெம்ப் செய்ததையே செய்யுங்கள், ஆனால் எழுதி வைத்துச் செய்யுங்கள். எழுத்தாளர் தன் பங்கில் இத்தனை சதவீதத்தை மற்ற மூவருக்கும் தருவார் என்று. அதில் மூன்று கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: எந்தப் பாட்டுகளுக்கு, ஒருவர் விலகினால் அவர் வாசித்த பாட்டுகளுக்குத் தொடருமா, பேண்ட் கலைந்தால் என்ன. கெம்ப் வழக்கில் இந்த மூன்றுக்கும் விடை எந்தத் தாளிலும் இல்லை, நீதிபதியிடம் கேட்க வேண்டியதாயிற்று.

---

லண்டன்_குயில் | 7 ஜூன் 2024, இரவு 11.30

விளம்பர அனுமதிக்கு "மூண்டு பேர் ஒப்பினால் போதும்" எண்டு அதே தாளில எழுதலாமே. அதுக்காகப் பேரைப் புடுங்கத் தேவையில்லை. சம பேர் போட்டு நாப்பது வருசம் ஓடின பேண்டுகள் இருக்கு. ஒப்பந்தக் காசு கொடுத்து மனம் நோகாமல் ஓடின பேண்ட் எத்தினை காட்டுவியள்?

---

ரிம்ஷாட் | 8 ஜூன் 2024, காலை 6.50

அக்கா சொன்னதுக்கு நாலு லைக்.

---

ஆர்கன்_அடுக்கு | 8 ஜூன் 2024, மாலை 7.20

பாடகரிடம் பேசினேன். புரோகல் ஹாரம் பாட்டைப் போட்டுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு "உன் பெயரையும் இசையில் போடு" என்றார். டிரம்ஸ், பேஸ் இரண்டு பேருக்கும் கிரெடிட் இல்லாமல் பணத்தில் பங்கு கொடுக்கலாம் என்கிறார். ஒரு தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

---

நாலாம்_தந்தி | 8 ஜூன் 2024, இரவு 9.30

ஒவ்வொரு பாட்டுக்கும் தனித் தாள். பேண்ட் பொதுவாக ஒரு தாள் போட்டால் ஆறு மாதத்தில் எந்தப் பாட்டுக்கு எது என்று குழம்பும்.

மேலே பாட்டின் தலைப்பு, முன்னே வேறு தலைப்பில் இருந்தால் அதுவும். எந்தப் பதிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று டெமோ ஃபைலின் பெயரும் தேதியும். ஃபிஷர் வழக்கில் டெமோவும் ஸ்டூடியோ வடிவமும் வேறு வேறு என்று ஆனதால் சொல்கிறேன். உங்கள் முன்னிசை இல்லாத பழைய டெமோ பாடகரிடம் இருக்கும். எந்த வடிவம் வெளியாகிறதோ அதைத்தான் தாளில் எழுத வேண்டும்.

பிறகு வரிகளுக்கு 100, இசைக்கு 100 என்று தனித்தனியாக. வரிகள்: பாடகர் 100. இசை: பாடகர் 60, நீங்கள் 40 என்று ஒப்பினால் அதை எழுதுங்கள். ஃபிஷருக்குக் கொடுத்த எண் என்பதற்காக 40 எடுக்காதீர்கள், அந்த எண்ணுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை, நீதிபதி எடைபோட்டுச் சொன்னது. பாட்டு முழுக்கக் கணக்கில் பாடகர் 80, நீங்கள் 20. மூன்றாவது பத்தியாக, டிரம்ஸ், பேஸ் இரண்டு பேருக்கும் பாடகரும் நீங்களும் தங்கள் பங்கிலிருந்து தரும் சதவீதம், ஒப்பந்தப் பணமாக, கிரெடிட் இல்லாமல். நாலு பேரும் கையெழுத்து, தேதி. ஆளுக்கு ஒரு நகல்.

கையெழுத்துப் போடும் முன் யாராவது ஒரு வக்கீல் அரை மணி பார்ப்பது நல்லது. அதற்கும் முடியாவிட்டால் தாளைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டு நாலு பேரும் "சம்மதம்" என்று பதில் போடுங்கள். கெம்ப் வழக்கில் அப்படி ஒரு செய்தி இருந்திருந்தால் ஒப்பந்தம் பற்றிய பாதி வழக்கு நடந்தே இருக்காது.

---

மெட்டுக்காரன் | 8 ஜூன் 2024, இரவு 10.10

பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினர் ஆனால்தானே பணம் வரும்? தாள் எழுதி என்ன பயன்?

---

லண்டன்_குயில் | 9 ஜூன் 2024, அதிகாலை 1.40

ஓம், அது சரியான கேள்வி. இங்க பி.ஆர்.எஸ்., அங்க ஐ.பி.ஆர்.எஸ். எழுதினவர் ஒவ்வொருவரும் தனித்தனியா உறுப்பினர் ஆகவேணும், பேண்ட் ஒண்டாய்ச் சேரேலாது. அதுக்குப் பிறகு பாட்டைப் பதியேக்க அதே சதவீதத்தைக் குடுக்கவேணும்.

பிழைக்கிற இடம் இதுதான். பாடகர் தன்ர பக்கத்தில 100 எண்டு பதிவார், நீங்கள் உங்கட பக்கத்தில 20 எண்டு பதிவியள். கூட்டினால் 120. சங்கம் எது சரி எண்டு தீர்க்காது, ரெண்டு பேரும் ஒப்பி வாங்கோ எண்டு காசை நிறுத்தி வைக்கும். ஒருத்தர் மட்டும் பதிஞ்சு மற்றவர் பார்த்துச் சரி சொல்லுறது நல்லம். ஏற்றும் தளத்தில போடுற பேரும் அதே எழுத்தில இருக்கவேணும்.

தளத்தில பேர் போட்டால் சங்கத்திலயும் பதிஞ்சதாய் நினைக்காதேங்கோ. ரெண்டும் வேற வேற வழி. தளம் அனுப்புறது பெரும்பாலும் மாஸ்டர் காசு. பாட்டுக் காசு சங்கம் வழியா, தேடிப் போய் எடுக்கவேணும்.

---

ரிம்ஷாட் | 9 ஜூன் 2024, மதியம் 12.15

ஆர்கன், உங்கள் டிரம்மரின் ஒப்பந்தப் பங்கு எவ்வளவு என்று எழுதவில்லையே.

---

ஆர்கன்_அடுக்கு | 9 ஜூன் 2024, இரவு 9.55

பேசிக்கொண்டிருக்கிறோம். பாடகர் 5 என்கிறார், டிரம்மர் 12. பேஸ்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார்: "டிரம்மருக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும்." ஒருவர் விலகினால் பங்கு தொடருமா என்பதில் நிற்கிறது. வாசித்த பாட்டுக்குத் தொடரட்டும் என்று நான் சொன்னேன், பாடகர் இரண்டு வருடம் மட்டும் என்கிறார்.

---

நாலாம்_தந்தி | 9 ஜூன் 2024, இரவு 10.40

இரண்டு வருடம் என்று போட்டால் எந்த நாளிலிருந்து என்று எழுதுங்கள். விலகிய நாளா, பாட்டு வெளியான நாளா? சங்கத்தின் பணம் பல மாதம் தாமதித்துத்தான் வரும். விலகும் முன் ஓடியதற்கான பணம் விலகிய பிறகு வந்தால் அது யாருக்கு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இந்த வரி இல்லாத தாள்தான் முதலில் சண்டைக்கு வரும்.

---

ஆர்கன்_அடுக்கு | 11 ஜூன் 2024, இரவு 8.10

"ஓடிய தேதிதான் கணக்கு, பணம் வந்த தேதி அல்ல" என்று எழுதிவிட்டோம். சதவீதம் இன்னும் முடியவில்லை, 8இல் நிற்கிறது. படிவத்தில் இசைக் கட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, இரண்டு பெயர்.

---

பழைய_எல்பி | 11 ஜூன் 2024, இரவு 8.25

தாளில் டெமோ ஃபைல் பெயர் எழுதினீர்களா? "புதுசு_ஃபைனல்_2" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்.